ஒரே பெட்டியில் பாமினி, திஸ்கி, தமிழ்99: ரீயூனியன் நூற்பட்டியல் ஒன்றின் தேடுபெட்டி – நிகழ்வு ஆய்வு

ரீயூனியனில் ஒரு கோவில் சங்கத்தின் நூற்பட்டியல் இது. பிரெஞ்சும் தமிழும் கலந்த பட்டியல். காவடி, தீமிதி அழைப்பிதழ்கள், பாட்டுப் புத்தகங்கள், பழைய மலர்கள் எல்லாம் அதில் உண்டு. தலைப்புகள் பல கைகளில், பல ஆண்டுகளில் தட்டச்சானவை. ஒரு பகுதி பாமினி எழுத்துருவில், ஒரு பகுதி திஸ்கி என்னும் பழைய குறியேற்றத்தில், மிச்சம் யூனிகோடில். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிச் சேர்த்த பிறகும் குறை ஓயவில்லை. மாரியம்மன் பாட்டு அலமாரியில் இருக்கிறது, பெட்டியில் தேடினால் வருவதில்லை.

தீவு பிரான்சின் ஒரு மாவட்டம். கணினிகளில் இருப்பது பிரெஞ்சு அஸெர்ட்டி விசைப்பலகை. தமிழ் விசைப்பலகைகள் எல்லாம் குவெர்ட்டி விசைகளின் மேல் வரையப்பட்டவை. தமிழ்த் தேடுபெட்டிகளைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் யோசனைகள் இங்கே பாதி தூரத்திலேயே நின்றுபோவதற்கு இந்த வேறுபாடுதான் காரணம்.

பெட்டிக்குள் உண்மையில் என்ன வந்து விழுகிறது

மாரியம்மன் என்ற ஒரே சொல் அந்தப் பெட்டியை எந்தெந்த உருவில் வந்தடையும் என்று பாருங்கள்.

```
மாரியம்மன்      யூனிகோடு
மாாியம்மன்      பழுதான மாற்றியிலிருந்து வந்த யூனிகோடு
khhpak;kd;      பாமினி
Á¡Ã¢ÂõÁý        திஸ்கி
kqms'kkif       தமிழ்99, குவெர்ட்டி, மொழி மாற்ற மறந்தது
ka,sùkkif       தமிழ்99, அஸெர்ட்டி, மொழி மாற்ற மறந்தது
```

கடைசி இரண்டும் எழுத்துருச் சிக்கல் அல்ல. விரல் தமிழ்99 விசைப்பலகை முறையில் ஓடுகிறது, கணினியோ பிரெஞ்சு நிலையிலேயே இருக்கிறது. திரையைப் பார்க்காமல் அடித்து என்டரைத் தட்டிவிடுகிறார்கள். பழகிய கைகள் எல்லாமே இதைச் செய்யும். தமிழ்99-இல் ம, ஆ, ர, இ, ய, ம, ம, ன, புள்ளி என்பதே வரிசை. அம்முறையில் ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முன்னதற்குப் புள்ளி தானாக விழும் என்பதால் நடுவில் புள்ளி அடிக்கத் தேவையில்லை. ர இருக்கும் விசையில் குவெர்ட்டியில் `m` வரும், அஸெர்ட்டியில் காற்புள்ளி வரும். ய இருக்கும் விசையில் முன்னதில் ஒற்றை மேற்கோள், பின்னதில் `ù`.

இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் முறையாகத் தமிழுக்கு மாறி அடிப்பவரிடமிருந்தும், கைப்பேசியில் தமிழ் அடிப்பவரிடமிருந்தும் யூனிகோடே வரும். விசைப்பலகை எதுவானாலும் அங்கே கவலை இல்லை. வேலை முழுக்க லத்தீன் எழுத்தாக வந்து விழுவதில்தான்.

இங்கே எடுக்க வேண்டிய முடிவு ஒன்றே ஒன்று. வந்தது பாமினியா, தமிழ்99-ஆ, பிரெஞ்சா என்று பெட்டி முன்கூட்டியே ஊகிக்கக் கூடாது. எல்லா வகையிலும் படித்துப் பார்த்து, தமிழ்ச் சொல்லாக நிற்காதவற்றைத் தள்ளிவிட்டு, மிஞ்சியதைப் பட்டியலிடம் கேட்க வேண்டும். சொற்பட்டியல் கையில் இருக்கும்போது நிகழ்தகவுக் கணக்கு போட்டு ஊகிப்பது வீண் வேலை.

மூலச்சரம் சிதையும் இடங்கள்

படித்துப் பார்க்க மூலச்சரம் பழுதில்லாமல் வந்து சேர வேண்டும். பிரெஞ்சுத் தளங்களின் வழக்கமான தேடல் அமைப்பு அதைப் பல இடங்களில் சத்தமில்லாமல் கெடுத்துவிடுகிறது. கெட்ட பிறகு எந்த மாற்றியாலும் மீட்க முடியாது.

முதலாவது, எல்லாவற்றையும் சிற்றெழுத்தாக்குவது. பாமினியில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு தமிழ் எழுத்துகள். தீமிதி என்பது `jPkpjp`. சிற்றெழுத்தாக்கினால் `jpkpjp` ஆகித் திமிதி என்று படிக்கும். முருகன் `KUfd;` மரகன் ஆகிவிடுவார். கோவில் `Nfhtpy;` கொவில் ஆகும். தமிழ்ப் பக்கம் எதுவும் பிழையென்று சொல்லாது, விடை மட்டும் சுழியமாக வரும்.

இரண்டாவது, பிரெஞ்சு மேற்குறிகளை நீக்குவது. `é` என்பதை `e` ஆக்கினால்தான் பிரெஞ்சுத் தலைப்புகள் கிடைக்கும் என்பதால் இது எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும். திஸ்கியில் ம `Á`, ர `Ã`, ய `Â`. மேற்குறி போனால் மூன்றும் `A`. அத்துடன் மாரியம்மன் முடிந்தது. இதைவிட மோசமானது `NFKC` என்னும் யூனிகோடு சீராக்கம். திஸ்கியில் த-வின் இடம் முக்கால் குறியான `¾`. `NFKC` அதை 3, பின்னக்கோடு, 4 என்று மூன்று குறிகளாகப் பிரித்துவிடும். க-வின் இடமான `¸` ஓர் இடைவெளியும் ஒரு தனிக்குறியுமாக உடையும். இடைவெளி நுழைந்ததால் சொல்லே இரண்டாகிவிடும். ஆகவே எந்தச் சீராக்கமும் பழைய குறியேற்றத்தைப் படித்து முடித்த பிறகுதான் நடக்க வேண்டும்.

மூன்றாவது, நிறுத்தக்குறிகளைக் களைவது. பாமினியில் அரைப்புள்ளி `;` என்பதே மெய்ப்புள்ளி, சொல்லின் முன்னால் வரும் காற்புள்ளி இ, `<` என்பது ஈ. தேடுபொறி சொற்களைப் பிரிக்கும்போது இவற்றையெல்லாம் எறிந்துவிடும். பாதுகாப்புக்காக எச்டிஎம்எல் குறிகளை நீக்கும் நிரல், ஈசன் என்னும் `<rd;` என்பதை ஒரு குறியின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு அடுத்த `>` வரை விழுங்கும். பாமினியில் `>` காற்புள்ளி என்பதால், ஈசனிலிருந்து அடுத்த காற்புள்ளி வரை வரி காணாமல் போகும். தேடல் சரத்தைக் குறி நீக்கியிடம் அனுப்பவே வேண்டாம். திரையில் காட்டும்போது மட்டும் அதை எழுத்தாகவே காட்டினால் பாதுகாப்புக்கு அது போதும்.

நான்காவது, இணைய முகவரி. பெட்டியில் அடித்தது முகவரியின் பகுதியாகப் போகும்போது `encodeURIComponent` கொண்டு பொதியாமல் அனுப்பினால், சில பழைய வழங்கிகள் அரைப்புள்ளியை அளவுருப் பிரிப்பானாக எடுத்துக்கொள்ளும். `khhpak;kd;` என்று போனது `khhpak` என்று சேரும். பதிவேட்டில் எல்லாத் தேடல்களும் முதல் மெய்யெழுத்தோடு நின்றிருந்தால் கோளாறு இங்கேதான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஐந்தாவது பிரெஞ்சு மொழிக்கே உரியது, கண்டுபிடிக்க மிகவும் தாமதமாவதும் இதுதான். பிரெஞ்சு அச்சு மரபில் `;` `:` `!` `?` ஆகியவற்றுக்கு முன்னால் ஒரு முறியா இடைவெளி வர வேண்டும். வேர்டில் மொழி பிரெஞ்சாக இருந்தால், அரைப்புள்ளி அடித்தவுடன் அந்த இடைவெளியை அது தானே சேர்த்துவிடும். பாமினியில் அடிப்பவருக்கு அரைப்புள்ளி மெய்ப்புள்ளி. எனவே ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் கண்ணுக்குத் தெரியாத `U+00A0` ஒன்று உட்கார்ந்திருக்கும். அச்சில் புள்ளி கொஞ்சம் தள்ளி நிற்பதாக மட்டும் தெரியும், யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஒட்டும்போது `khhpak ;kd ;` என்று மூன்று துண்டாக வரும். சொற்களைப் பிரிப்பதற்கு முன்பே, அரைப்புள்ளிக்கு முன்னுள்ள `U+00A0`, `U+202F` இரண்டையும் நீக்கிவிட வேண்டும். சாதாரண இடைவெளியைத் தொடக் கூடாது. அது உண்மையாகவே சொல்லிடை வெளியாக இருக்கலாம்.

திஸ்கியிலும் இதைப் போல ஒரு மறைந்த எழுத்து உண்டு. இ-க்கு அதில் இரண்டு இடங்கள். `0xAD` ஒன்று, `0xFE` மற்றொன்று. முதல் இடம் மற்ற உலகத்துக்கு மென்கோடு, அதாவது வரி முறியும்போது மட்டும் தோன்றும் இணைப்புக்கோடு. இந்தத் தொல்லையால்தான் `þ` என்னும் இரண்டாம் இடம் வந்தது. மென்கோட்டைக் குப்பையென்று நீக்கும் நிரல் இறைவனை றைவன் ஆக்கிவிடும். சொல்லின் முதலெழுத்து மட்டும் தொடர்ந்து காணாமல் போனால், அதுவும் இகரத்தில் தொடங்கும் சொற்களில் மட்டும் போனால், இதைத் தேடுங்கள்.

பாமினியைப் படிப்பதில் உள்ள ஒரே கண்ணி

பாமினி அட்டவணை பெரியதல்ல. `f` க, `k` ம, `j` த, `h` கால், `p` இகரக் குறி என்று போகும். கண்ணி `h`-இல் இருக்கிறது. அது பொதுவாகக் கால். ஆனால் ரி, ரீ, ர் மூன்றும் அச்சில் அடிக்கால் இல்லாத ர-வின் மேல் குறி ஏறிய வடிவத்தில் எழுதப்படுவதால், தட்டச்சாளர்கள் அங்கேயும் `h` அடிப்பார்கள். `hp` ரி, `hP` ரீ, `h;` ர். பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காகச் செய்தது.

கால் மேல் இகரமோ ஈகாரமோ புள்ளியோ தமிழில் ஒருபோதும் ஏறாது. எனவே இந்த மூன்று இணைகளையும் தயக்கமின்றி ர-வாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எப்போது எடுப்பது என்பதுதான் முக்கியம். பெரிய என்பது பாமினியில் `nghpa`. ஒற்றைக்கொம்பு `n`, ப `g`, பிறகு ரி. பல மாற்றிகள் முதலில் கொம்பு, மெய், கால் மூன்றையும் தேடி ஒகரமாக்கிவிடும். `ngh` பொ ஆகிவிடும், மிச்சம் `p` அதன் தலையில் ஏறும். விடை: பொிய. இணையத்தில் இந்த உருவைக் காணாதவர் இல்லை. பேரின்பம் போின்பம் ஆனதும், அவர் அவா் ஆனதும், மாரியம்மன் மாாியம்மன் ஆனதும் இப்படித்தான். கண்ணுக்குக் கிட்டத்தட்டச் சரியாகத் தெரிவதால் மெய்ப்பு பார்ப்பவரும் விட்டுவிடுவார். தேடுபொறிக்கு அது வேறு சொல்.

சரியான ஒழுங்கு இதுதான். முதலில் சரத்தை இடமிருந்து வலமாக அடையாளத் துண்டுகளாக வெட்ட வேண்டும், `hp`, `hP`, `h;` ஆகிய இரட்டைகளுக்கு முதலுரிமை தந்து. `khhpa` என்பது `k`, `h`, `hp`, `a` என்று வெட்டுப்படும். இரண்டாவது எழுத்தான `h`-க்கு அடுத்து இன்னொரு `h` வருவதால் அது கால். மூன்றாவதுக்கு அடுத்து `p` வருவதால் ரி. வெட்டி முடித்த பிறகே முன்னால் நிற்கும் கொம்பையும் ஐகாரக் குறியையும் மெய்யெழுத்துக்குப் பின்னால் நகர்த்த வேண்டும். திஸ்கியிலும் இந்த நகர்த்தல் உண்டு. கோவில் அங்கே `§¸¡Å¢ø`, இரட்டைக்கொம்பு முதலில்.

புதிதாக வருவதைச் சரியாக மாற்றினாலும், பழைய மாற்றியால் கெட்டுப்போன தலைப்புகள் பட்டியலுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தத் தேவையில்லை. பட்டியலுக்கும் தேடலுக்கும் ஒரே ஒப்பீட்டுச் சாவியைச் செய்து, சாவிகளை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

```js
function key(s) {
  return s.normalize("NFD")
    .replace(/[\u0300-\u036F\u200B-\u200D\uFEFF]/g, "")
    .replace(/\u0BBE(?=[\u0BBF\u0BC0\u0BCD])/g, "\u0BB0")
    .replace(/\u0BD7/g, "\u0BB3")
    .replace(/\u0BB6/g, "\u0BB8")
    .toLowerCase();
}
```

பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் `NFC`-ஐ விட்டு `NFD` எடுத்ததற்குக் காரணம் உண்டு. `NFD` ஒகரக் குறியைக் கொம்பாகவும் காலாகவும் பிரிக்கிறது. பிரிந்தவுடன் பொிய என்பது ப, கொம்பு, கால், இகரக் குறி, ய ஆகிறது. காலுக்கு அடுத்து இகரக் குறி இருப்பதால் இரண்டாவது `replace` அந்தக் காலை ர ஆக்குகிறது. பெரிய கிடைத்துவிட்டது. போின்பம், அவா், மாாியம்மன் எல்லாம் அதே ஒரு வரியில் நேராகின்றன. `NFC`-இல் இதற்கே ஒகரம், ஓகாரம், ஆகாரம் என்று மூன்று தனி விதிகள் எழுத வேண்டியிருக்கும்.

மூன்றாவது `replace` ஔகாரத்துக்கு. கௌரி என்று சரியாக எழுதுவாரும் உண்டு, கொம்பும் ள-வும் சேர்த்து எழுதுவாரும் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்று. எதிர்த்திசையில், அதாவது கொம்பும் ள-வும் வந்தால் ஔகாரமாக்குவது என்று விதி எழுதினால் வெள்ளி கெட்டுவிடும். ஔகாரத்தின் பின்பகுதியை ள ஆக்கினால் எதுவும் கெடாது, ஏனென்றால் இது சாவி மட்டுமே, யாரும் படிக்கப்போவதில்லை. நான்காவது `replace` ஸ்ரீயை ஶ-வில் எழுதினாலும் ஸ-வில் எழுதினாலும் ஒன்றாக்குகிறது. முதல் `replace` பிரெஞ்சு மேற்குறிகளையும் சேர்த்தே நீக்குகிறது. அதற்கு உரிய இடம் இதுதான், குறியேற்றம் படித்து முடித்த பின்.

அஸெர்ட்டியில் தமிழ்99

மொழி மாற்ற மறந்து அடித்ததைப் படிக்க, அஸெர்ட்டி எழுத்தை முதலில் அந்த விசையின் குவெர்ட்டி எழுத்தாக்கி, பிறகு தமிழ்99 விதிகளில் ஓட்ட வேண்டும்.

```js
const azerty = { a:"q", q:"a", z:"w", w:"z", m:";", ";":",",
  "ù":"'", ",":"m", "!":"/", "=":"/", "^":"[", "$":"]" };
const dead = { "â":"^a", "ê":"^e", "î":"^i", "ô":"^o", "û":"^u" };
```

`/` இரண்டு முறை வருவது தவறல்ல. ழ இருக்கும் விசையில் விண்டோஸ் கணினியில் `!` இருக்கும், மேக் கணினியின் பிரெஞ்சுப் பலகையில் `=` இருக்கும். தமிழ் என்பது ஒன்றில் `lks!f`, மற்றதில் `lks=f`.

இரண்டாவது அட்டவணை இல்லாமல் ச-வில் தொடங்கும் சொற்கள் பல கிடைக்காது. தமிழ்99-இல் ச இருக்கும் விசை அஸெர்ட்டியில் தொப்பிக்குறி. அது தனியாக எழுத்தைத் தராது, அடுத்த உயிரெழுத்துக்காகக் காத்திருக்கும். சாமி என்று அடிப்பவர் ச, ஆ, ம, இ விசைகளைத் தட்டுகிறார். பெட்டியில் தெரிவது `âks`. நான்கு தட்டல், மூன்று எழுத்து. சூலம் `ênkf` ஆகிறது. ஆகவே முதலில் `â`-வை `^a` என்று அதன் தட்டல் வரிசைக்குத் திருப்பிவிட வேண்டும். இங்கே `NFD`-ஐப் பயன்படுத்தத் தோன்றும், செய்யக் கூடாது. அது `ù`-வையும் உடைத்து ய-வைத் தொலைத்துவிடும், மேலும் தொப்பியை எழுத்துக்குப் பின்னால் வைக்கும். அந்த ஐந்து எழுத்துகளைக் கையால் எழுதிய அட்டவணையே சரி. பச்சை போன்ற சொல்லில் தொப்பி இரண்டு முறை தட்டப்படுகிறது. விண்டோஸில் `^^` வரும், மேக்கில் ஒன்று மட்டும் வரலாம். எனவே தனித்து நிற்கும் `^`-ஐ ச, ச்ச என இரண்டு வகையிலும் படித்துப் பார்க்க வேண்டும்.

எந்தப் பலகை என்று பயனரைக் கேட்க வேண்டாம். உலாவியின் `keydown` நிகழ்வில் `code` விசையின் இடத்தையும் `key` வந்த எழுத்தையும் சொல்லும். `code` `KeyQ` ஆக இருந்து `key` `a` ஆக இருந்தால் அது அஸெர்ட்டி. இந்தச் சான்றை எந்தப் படிப்பை முன்னால் வைப்பது என்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். `code` வரிசையைக் கொண்டே சொல்லைக் கட்டினால், பயனர் நடுவில் சுட்டியை நகர்த்தித் திருத்தியவுடன் எல்லாம் பிசகும். கைப்பேசித் திரைப் பலகையில் `code` பெரும்பாலும் வெறுமையாகவே வரும், அங்கே இந்தச் சான்றை எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு தேடலைக் கடைசி வரை பின்தொடர்ந்தால்

பெட்டியில் `havos` என்று விழுகிறது. பாமினியாகப் படித்தால் முதலெழுத்தே கால். சொல் காலில் தொடங்காது, தள்ளுபடி. திஸ்கி அல்ல, ஏனென்றால் `Á` போன்ற மேல்வரிசை எழுத்து ஒன்றுகூட இல்லை. குவெர்ட்டித் தமிழ்99 ஆனால் க, அ, வ, ட, இ: கவடி. அஸெர்ட்டித் தமிழ்99 ஆனால் க, ஆ, வ, ட, இ: காவடி. இரண்டும் எழுத்து வரிசையில் பிழையற்றவை. இலக்கணத்தால் இதற்கு மேல் பிரிக்க முடியாது. பட்டியலில் கவடிக்கு ஒன்றும் இல்லை, காவடிக்குப் பல தலைப்புகள் இருக்கின்றன. தீர்ந்தது.

`khhpak;kd;` இன்னும் எளிது. பாமினியில் மாரியம்மன். அஸெர்ட்டித் தமிழ்99-இல் அரைப்புள்ளிக்குத் தமிழெழுத்து இல்லாததால் மக்கணாம, மு, என்று காற்புள்ளிகளோடு சிதறும், தள்ளுபடி. குவெர்ட்டியில் மக்கணமநமுந. வரிசை பிழையற்றது, பட்டியலில் இல்லை.

தள்ளுபடி விதிகள் நான்கு போதும். குறியிலோ புள்ளியிலோ சொல் தொடங்கக் கூடாது. குறிக்கு மேல் குறி ஏறக் கூடாது. லத்தீன் எழுத்தோ நிறுத்தக்குறியோ நடுவில் மிஞ்சக் கூடாது. சொல்லின் நடுவில் உயிரெழுத்து வந்தால் தள்ளாமல் வரிசையில் பின்னுக்கு வைக்க வேண்டும். டகரத்தில் தொடங்காது, வல்லின மெய்யில் முடியாது என்ற நன்னூல் விதிகளையும் சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் டிக்கெட்டும் பேங்க்கும் தள்ளுபடியாகும், ஆட்பெயர்கள் பாதி போகும்.

உண்மையான மோதல் குட்டிப் பிரெஞ்சுச் சொற்களில் வருகிறது. `mur` என்றால் பிரெஞ்சில் சுவர். பாமினியில் படித்தால் அரச. அஸெர்ட்டித் தமிழ்99-இல் படித்தால் நறை. மூன்றும் சொற்களே. இங்கே விதி கண்டிப்பானது: அடித்தது அப்படியே பிரெஞ்சுத் தலைப்புகளில் இருந்தால் அதுவே முதல் விடை. தமிழ்ப் படிப்புகள் விடைகளுக்கு மேலே ஒரு வரியாக, சொடுக்கும் இணைப்பாக மட்டும் நிற்கும். மூன்று எழுத்துக்கும் குறைவான சரத்துக்குத் தமிழ்ப் படிப்பே செய்ய வேண்டாம். லத்தீனிலிருந்து வந்த படிப்புகளை முழுச்சொல்லாக மட்டுமே ஒப்பிட வேண்டும். முன்னொட்டாக ஒப்பிட்டால் எந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கும் ஏதோ ஒரு தமிழ்ச் சொல் அகப்பட்டுவிடும்.

பெட்டிக்குள் அடித்ததை மாற்றி எழுதவும் கூடாது. கீழே “காவடி என்று தேடியுள்ளோம். havos என்றே தேட இங்கே” என்று ஒரு வரி போதும். அடித்தவருக்குத் தன் பலகை எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஒட்டும்போது கிடைக்கும் சாட்சி

வேர்டிலிருந்து ஒட்டினால் ஊகமே தேவையில்லை. கிளிப்போர்டில் வெறும் எழுத்தோடு எச்டிஎம்எல் வடிவமும் வருகிறது, அதில் எழுத்துருவின் பெயர் எழுதியிருக்கும். `paste` நிகழ்வில் `clipboardData.getData("text/html")` என்று கேட்டு, `font-family`-இல் `Bamini` இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஒரு கவனம். வேர்டு தன் எச்டிஎம்எல்லின் தலைப்பகுதியில் ஆவணத்தில் உள்ள எழுத்துருக்கள் பலவற்றையும் பட்டியலிடும். முழுச் சரத்தையும் தேடினால் பிரெஞ்சு வரியை ஒட்டினாலும் பாமினி அகப்படும். `<!--StartFragment-->` முதல் `<!--EndFragment-->` வரை உள்ள பகுதியை மட்டும் பாருங்கள். பிடிஎஃப்பிலிருந்து ஒட்டினால் இந்தச் சாட்சி பெரும்பாலும் இருக்காது, மேலே சொன்ன படிப்புகளையே நம்ப வேண்டும்.

யூனிகோடு தவறாகத் திறக்கப்பட்ட குப்பையும் ஒட்டப்படும். தமிழின் யூடிஎஃப்-8 பைட்டுகள் `E0 AE`, `E0 AF` என்று தொடங்குவதால் அது `à®`, `à¯` என்னும் இணைகள் திரும்பத் திரும்ப வரும் சரமாகத் தெரியும். அதைத் திருப்பலாம். ஆனால் பொதுவான குப்பை திருத்தி நூலகங்களைப் போடாதீர்கள். திஸ்கியின் மாரியம்மனில் `Ã¢Â` இருக்கிறது. அந்த நூலகங்களுக்கு அது கெட்டுப்போன மேற்கோள்குறி போலத் தோன்றும், திருத்துவதாக எண்ணிக் கெடுத்துவிடும். `à®`, `à¯` இணைகள் குறைந்தது இரண்டு இருந்தால் மட்டும் திருப்புவது என்று சொந்த விதி வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

பெட்டிக்குள்ளேயே செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

```html
<input type="search" autocapitalize="off"
       autocorrect="off" spellcheck="false">
```

முதலெழுத்தைப் பெரிதாக்கும் வழக்கத்தை நிறுத்தாவிட்டால் ம மு ஆகும். உள்ளீட்டு முறைமை எழுத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போது, அதாவது `isComposing` உண்மையாக இருக்கும்போது, தேடலை ஓட்டவும் கூடாது.

எட்டாதவை

பிரெஞ்சு ஒலிப்பில் எழுதும் தேடல் வேறு வழியில் போக வேண்டும். `cavadi`, `Mourouga`, `Latchoumi` என்று அடிப்பவர்கள் தீவில் ஏராளம். தமிழ் எழுத்து தெரியாமல் தமிழ்ப் பெயர்களை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்குத் தமிழ்த் தலைப்புகளிலிருந்து ஒலிச்சாவி செய்து வைக்க வேண்டும்: `ou` உகரம், `tch` ச்ச, `c`-யும் `k`-யும் `g`-யும் ஒன்று, `t`-யும் `d`-யும் ஒன்று, இரட்டித்த மெய் ஒற்றை. இந்தச் சாவி பெருவலை, தவறான மீன்களும் விழும். எனவே மற்ற எல்லாப் படிப்பும் வெறுங்கையோடு திரும்பிய பிறகே இதை வீச வேண்டும்.

ஒரே வரியில் பிரெஞ்சும் பாமினியும் கலந்து ஒட்டினால் சொல் சொல்லாகத்தான் படிக்க முடியும். அதிலும் காற்புள்ளி தொல்லை தரும். `temple,` என்பதில் அது நிறுத்தக்குறி, `,uT` என்பதில் இரவின் இகரம். சொல்லின் முன்னால் ஒட்டியிருந்தால் இ, பின்னால் ஒட்டியிருந்தால் நிறுத்தக்குறி என்று கொள்வது பெரும்பாலும் சரியாக வரும். இடைவெளி விடாமல் அடித்த வரியில் தவறும்.

வேறு பழைய எழுத்துருக்கள் பல உண்டு. கிடைத்த அட்டவணை எல்லாவற்றையும் ஏற்றி வைக்காதீர்கள். அட்டவணை கூடக் கூட, எந்தக் குப்பைச் சரமும் ஏதாவது ஒன்றில் தமிழ்ச் சொல்லாகப் படியும். விடையில்லாமல் திரும்பும் தேடல்களின் மூலச்சரத்தை, சிற்றெழுத்தாக்காமல், ஒரு பைட்டும் மாற்றாமல் பதிவேட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் அடித்தவர் யார் என்ற விவரம் இல்லாமல். ஒரே வகைக் குப்பை பல முறை வந்தால் அந்த எழுத்துருவின் அச்சுப் படி ஒன்றைத் தேடிப் பிடித்து, சரத்தையும் படியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, அதற்குப் பிறகு அட்டவணையைச் சேர்க்கலாம்.